வயது மட்டும் தெரிந்த பட்டியல்

ஞானதிரவியம் உபதேசியாரை நல்ல பிரசங்கி என்று யாரும் சொன்னதில்லை. நானும் சொல்லமாட்டேன். ஒரே கருத்தை மூன்று விதமாகச் சொல்லிவிட்டு, மூன்று கருத்து சொன்ன திருப்தியோடு இறங்கிவருவார். ஆனால் பெயர் வாசிப்பதில் அவருக்கு ஒரு நிதானம் இருந்தது. திருமண அறிவிப்போ மரண அறிவிப்போ, அந்த ஆளே எதிரில் நிற்பதுபோல வாசிப்பார். இருபத்தெட்டு வருஷ ஊழியத்தில் அவரிடம் நான் மதித்தது அது ஒன்றைத்தான்.

அவருக்குக் கண்ணில் நீரழுத்தம் வந்து பார்வை மங்கத் தொடங்கி இரண்டு வருஷமாகியிருந்தது. அது தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் அவர் மனைவி சுகிர்தம். இன்னொருவர் பஸ் ஸ்டாண்டில் டிடிபி கடை வைத்திருக்கும் சார்லஸ். ஆலயத்தில் வாசிக்கவேண்டிய எல்லாவற்றையும் சார்லஸ்தான் பெரிய எழுத்தில், தடித்த எழுத்தில் அடித்துக் கொடுப்பான். மேடையில் வெளிச்சம் போதவில்லை என்று உபதேசியார் சொல்லிவைத்திருந்தார், நாங்களும் நம்பினோம். மே மாதம் ஓய்வு. அதற்கு முன்னால் விஷயம் வெளியே வந்தால் மருத்துவச் சான்று கேட்பார்கள், ஆலயம் கொடுத்த வீட்டைக் காலி செய்யச் சொல்வார்கள். அந்த வீட்டிலிருந்துதான் அவர் மகள் நர்சிங் கடைசி வருஷம் போய்வந்துகொண்டிருந்தாள். மே வரை தள்ளிவிடவேண்டும். அவ்வளவுதான் அவர் கணக்கு.

நவம்பர் முதல் ஞாயிறு, சுற்றுவட்டார ஊர்ச் சபைகள் சேர்ந்த எங்கள் சேகரத்தில் நினைவு ஆராதனை. அந்த வருஷம் இறந்தவர்களின் பெயரையும் வயதையும் உபதேசியார் வாசிப்பார். ஒவ்வொரு பெயருக்கும் ஆலய வேலை பார்க்கும் கோயில்பிள்ளை மணிக்கயிற்றை ஒருமுறை இழுப்பார். மணி அடித்ததும் அந்தக் குடும்பம் எழுந்து நிற்கும். பட்டியல் முடியும்போது பாதி ஆலயம் நின்றுகொண்டிருக்கும்.

அந்த வாரம் சார்லஸ் மச்சினன் கல்யாணத்துக்காகச் சென்னை போயிருந்தான். சேகரத்தின் மற்ற ஊர்களிலிருந்து வந்த பெயர்களையும் சேர்த்து, சுகிர்தமே ஆலய அலுவலகக் கம்ப்யூட்டரில் பட்டியலை அடித்தாள். பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்த்தவள். தமிழ் அடிக்கத் தெரியும். எல்லாவற்றையும் தேர்வு செய்து, எழுத்துருப் பெட்டியைத் திறந்து, தடித்த எழுத்து என்றும் அளவு முப்பத்திரண்டு என்றும் வைத்தாள். எழுத்துப்பிழை பார்ப்பதற்காகத் திரையை ஏற்கெனவே பெரிதாக்கி வைத்திருந்தாள். அதனால் பெயர்களும் பெரிதாகத்தான் தெரிந்தன; எண்கள் அவற்றைவிடப் பெரிதாக நின்றதை அவள் கவனிக்கவில்லை. ஞாயிறு காலை கோயில்பிள்ளை அச்செடுத்து மேடையில் வைத்தார். வழக்கமான தடிமனில் காகிதக் கட்டு. யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

நான் பாடகர் குழுவில் இருப்பதால் மேடைக்குப் பக்கவாட்டில், நாலடி தூரத்தில் உட்கார்ந்திருந்தேன். உபதேசியார் முதல் தாளை எடுத்தார். கண்ணருகே கொண்டுபோனார். தள்ளிப் பிடித்தார். மறுபடி கிட்டே கொண்டுபோனார். அப்போதுதான் தாள் என் கண்ணில் பட்டது. எண்கள் மட்டும் வீட்டுக் கதவில் எழுதிய இலக்கம்போலக் கறுப்பாக, பெரிதாக நின்றன: 72, 58, 19. அவற்றுக்குப் பக்கத்தில் பெயர்கள் செய்தித்தாள் எழுத்தைப்போலப் பொடியாக, மெலிதாகக் கிடந்தன. பெரிய எண்ணுக்குத் தகுந்த உயரத்தை ஒவ்வொரு வரியும் எடுத்துக்கொண்டதால்தான் காகிதம் அத்தனை தாளாகியிருந்தது.

இந்த மனிதருக்கு அந்தப் பெயர்கள் கண்ணில் படவில்லை என்பது அந்த நொடியில்தான் எனக்குப் புரிந்தது.

அவர் வாசிக்க ஆரம்பித்தார். வாசித்தார் என்று சொல்வது தவறு. "அருள்மணி டீச்சர். எழுபத்திரண்டு." மணி அடித்தது. குடும்பம் எழுந்தது. அடுத்தது ஐம்பத்தெட்டு. அதுவும் சரியாக இருந்தது. வயதைப் பார்த்து, தான் அடக்கம் செய்தவர்களை நினைவிலிருந்து எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். மூன்றாவதில் நின்றுவிட்டார். தான் அடக்கம் செய்த பிள்ளைதானா, மற்ற ஊர்களில் வேறு யாரும் அந்த வயதில் போனார்களா என்று அவருக்கு நிச்சயமில்லை போலிருக்கிறது.

"பத்தொன்பது வயது," என்றார். பெயர் வரவில்லை.

மணியும் அடிக்கவில்லை. பிறகு பெண்கள் பக்கத்தில் பாக்கியம் தானாக எழுந்து நின்றாள். பைக்கில் போன மகனை ஏப்ரலில் இழந்தவள். பெயர் சொல்லப்படாத பிள்ளைக்காக ஒரு தாய் தனியாக நிற்பதைப் பார்க்க எங்களில் ஒருவருக்கும் தைரியம் இல்லை. எல்லோரும் தரையைப் பார்த்தோம்.

அந்த மௌனத்துக்குப் பயந்துதான் அவர் அவசரப்பட்டிருக்கவேண்டும். அடுத்த எண் 61.

"ஜெயசீலன். அறுபத்தொன்று."

கோயில்பிள்ளை பழக்கத்தில் கயிற்றை இழுத்துவிட்டார். மணியோசை அடங்கும் முன்னால் ஜெயசீலன் அண்ணாச்சியின் மனைவி "ஐயையோ, எங்க வீட்டு ஆம்பளைய!" என்று அலறினாள். மூன்றாவது பெஞ்சில் அண்ணாச்சி எழுந்து நின்றார். ஜூனில் மாரடைப்பு வந்து, உபதேசியார் கட்டிலருகே ஜெபம்பண்ணி, பிழைத்து வந்தவர்.

"உபதேசியாரே, நான் இன்னும் போவல வே. இங்கதான் நிக்கேன்."

பின்னால் யாரோ சிரித்தார்கள். சிரித்தவருக்கே அது பயமாக இருந்திருக்கவேண்டும், உடனே நின்றுவிட்டது.

"மன்னிச்சிருங்க அண்ணாச்சி," என்றார் உபதேசியார். தாளைக் கீழே வைத்துவிட்டு மேடைக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "எனக்கு எழுத்து தெரியல."

"கண்ணாடிய மறந்துட்டீரோ?"

"கண்ணே போய்க்கிட்டிருக்கு, அண்ணாச்சி. ரெண்டு வருசமா."

ஆலயம் முழுக்க ஒரே மூச்சு உள்ளே போன மாதிரி இருந்தது. எங்கள் குருவானவர் எட்வின் ஐயர் ஒரு பாட்டைச் சொல்லி எங்களைப் பாடவைத்தார். என்ன பாடினோம் என்று எனக்கு நினைவில்லை.

பாட்டு நடக்கும்போதே சுகிர்தம் அலுவலகத்துக்கு ஓடினாள். நானும் பின்னால் போனேன். சார்லஸைப் போனில் பிடித்து ஸ்பீக்கரில் போட்டாள். அந்தப் பக்கம் மேளச் சத்தம்.

"நான் முப்பத்திரண்டுதான் வச்சேன் தம்பி! பாரு, இப்பவும் முப்பத்திரண்டுதான் காட்டுது!"

"எங்க வச்சீங்க அக்கா? மேலயா?"

"ஆமா, மேலதான். வேற எங்க வைக்க?"

"அதுக்குக் கீழ இன்னொரு வரிசை இருக்கும் பாருங்க. மேல உள்ளது இங்கிலீஷுக்கும் நம்பருக்கும்தான். தமிழுக்கு வேர்டுல தனிக் கணக்கு. எழுத்துரு, தடிமன், அளவு மூணுமே கீழதான் மாத்தணும்."

அவள் பார்த்தாள். அதே பெட்டியில், விரல் அகலம் கீழே, இன்னொரு வரிசை. அதில் சாதாரண எழுத்து, பதினொன்று. அவள் அதைத் தொடவே இல்லை. தடித்தது என்றும் முப்பத்திரண்டு என்றும் மாற்றினாள். பெயர்கள் எல்லாம் ஒரே சமயத்தில் வீங்கி எழுந்தன. சுகிர்தம் வாயைப் பொத்திக்கொண்டாள். "கண்ணு முன்னாலயே இருந்திருக்கே," என்றாள்.

புதுத் தாள்களை எடுத்துக்கொண்டு நாங்கள் திரும்பியபோது பாட்டு முடிந்திருந்தது. எட்வின் ஐயர் கைநீட்டினார்.

"குடுங்கம்மா, நான் வாசிக்கேன்."

பாக்கியம் இன்னும் உட்காரவில்லை. "ஐயா, வேண்டாம்," என்றாள். "எம்புள்ளைய மண்ணுல வச்சவரு அவரு. பேரை அவரே சொல்லட்டும்."

ஐயர் தாள்களைச் சுகிர்தத்திடமிருந்து வாங்கினார். பிறகு உபதேசியாரிடம் கொடுத்தார். ஒரு பக்கத்துக்குப் பத்துப் பெயர்கூட இல்லாத அந்தத் தாளை அவர் உயர்த்திப் பிடித்தபோது, முதல் பெஞ்சிலிருந்தே எழுத்து தெரிந்தது. இனி மறைக்க எதுவும் இல்லை. முதல் பெயரிலிருந்து மறுபடி ஆரம்பித்து, மூன்றாவதற்கு வந்தார்.

"ஜோயல் பிரபாகர். பத்தொன்பது."

மணி அடித்தது.

மறுநாள் ஐயர் எழுதுவதற்கு முன்னால் உபதேசியாரே தன் கண் விஷயத்தைத் தலைமையிடமான பேராயத்துக்கு எழுதிக்கொடுத்தார். ஜனவரியோடு விடுவித்தார்கள். மகளின் பரீட்சை முடியும்வரை வீட்டில் இருக்கக் கமிட்டி கேட்டுப் பார்த்தது. வரப்போகிறவருக்கு இடம் வேண்டும் என்று பதில் வந்தது. ஜெயசீலன் அண்ணாச்சி தன் கடைக்கு மேலிருந்த இரண்டு அறையைக் கொடுத்தார். "செத்தவன் வீட்டுல குடியிருக்க பயமில்லயே?" என்று கேட்டுக்கொண்டேதான் சாவியைக் கொடுத்தார். உபதேசியார் சிரிக்கவில்லை. சாவியைக் கையில் வாங்கி, அதன் பல் எந்தப் பக்கம் என்று விரலால் தடவிப் பார்த்தார்.