வாயைத் திறக்காத ஆட்டம்

பத்திரிகையில் உதவியாசிரியராக இருந்து பழகியவளுக்கு ஒரே சொல் அடுத்தடுத்து வந்தால் பிடிக்காது. அட்டை விளையாட்டு ஒன்றைத் தமிழாக்கியபோதும் அந்தப் பழக்கம் விடவில்லை. ஒருவர் ஆடும் நேரத்தை ஓரிடத்தில் 'முறை' என்றாள், இன்னோரிடத்தில் 'வாய்ப்பு' என்றாள். வீட்டில் கணவனும் நாத்தனாரும் தடங்கலே இல்லாமல் ஆடினார்கள். அந்தத் தைரியத்தில் விளையாட்டை வெளியிடும் பதிப்பாளரிடம் அட்டைகளை அச்சுக்கு அனுப்பச் சொல்லிவிட்டாள்.

விதிப்புத்தகம் அச்சேறுமுன், பதிப்பாளர் முன்பின் தெரியாத மூன்று பேரை அலுவலகத்துக்கு வரவழைத்து ஆடச் சொன்னார். அவளை மூலையில் உட்காரவைத்து, "என்ன ஆனாலும் வாயத் திறக்கக் கூடாது" என்றார்.

ஒருவர் எடுத்த அட்டையில், 'அடுத்தவர் தன் வாய்ப்பை இழப்பார்' என்றிருந்தது.

"முறைன்னா நாம ஆடுறது. அப்ப வாய்ப்புன்னா வேற ஏதோ" என்றார் அவர்.

புத்தகத்தைப் புரட்டினார்கள். கடைசியில் அடுத்தவர் தன் முறையைத் தவறாமல் ஆடிவிட்டு, கையிலிருந்த ஓர் அட்டையைக் கீழே போட்டார். அதுதான் வாய்ப்பை இழப்பதாம். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பதிப்பாளர் திட்டவில்லை. "புத்தகத்தத் திருத்திடலாம். அட்டையில ரெண்டும் கலந்து அச்சாயிடுச்சே" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் தேவலை.

வீட்டில் கணவன், "எங்களுக்கெல்லாம் புரிஞ்சுதே" என்றான்.

"நீங்க எங்க படிச்சீங்க? அட்டைய எடுத்ததும் என் மூஞ்சியப் பாத்தீங்க, நான் சொன்னேன். இப்ப ஒவ்வொரு பெட்டிக்குள்ளயும் நானே போய் உக்காரவா?"