சும்மா கிடந்த அரை மணி நேரம்

பள்ளிக்கூட வேன் ஓட்டும் அந்தப் பெண்மணிக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் 'ஒரு நிமிஷம் அக்கா'. எந்த வீட்டு வாசலிலும் ஒரு நிமிடத்துக்கு மேல் வண்டியை நிறுத்த மாட்டார். ஷூ லேஸைக் கட்டிக்கொண்டு நிற்கும் பிள்ளையைப் பார்த்தால் கண்ணாடியை இறக்கி, "ஒரு நிமிஷம்தான், அப்புறம் நான் கிளம்பிருவேன்" என்று மிரட்டுவார். கிளம்பியதில்லை. பதினோரு வருடத்தில் ஒரு பிள்ளையைக்கூட விட்டுவிட்டுப் போனதில்லை, பள்ளி மணி அடித்த பிறகு ஒரு நாளும் போய்ச் சேர்ந்ததுமில்லை. அக்காவுக்கு அதில் தலைகால் புரியாத பெருமை.

நாற்பத்தாறு வயதில் சர்க்கரை என்று சொன்னபோது அக்கா அழவில்லை. எரிச்சல்தான் பட்டார். இரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி ஒன்பது சதவீதத்தைத் தாண்டியிருந்தது. மருத்துவர் இரண்டு மாத்திரை எழுதினார். அதில் ஒன்றை, கணையத்தைத் தட்டி எழுப்பி இன்சுலின் சுரக்க வைக்கும் மாத்திரையை, காலைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால் போடச் சொன்னார். உடற்பயிற்சியும் கட்டாயம் என்றார்.

அக்காவின் மண்டைக்குள் உடனே கணக்கு ஓடியது. மாத்திரைக்கும் சாப்பாட்டுக்கும் நடுவில் அரை மணி நேரம் சும்மா கிடக்கிறது. அடுத்த தெருவில் ஜிம் இருக்கிறது. ஐந்தரைக்கு மாத்திரை, உடனே ஜிம், திரும்பி வந்து சாப்பாடு, ஏழு மணிக்கு வண்டி. ஒரு நிமிடம்கூட வீணில்லை! இப்படி ஒரு ஏற்பாட்டை மருத்துவர்கூட யோசித்திருக்க மாட்டார் என்று வீட்டுக்காரரிடம் பீற்றிக்கொண்டார். உண்மைதான். எந்த மருத்துவரும் யோசித்திருக்க மாட்டார்.

ஐந்து மாதத்தில் சராசரி ஏழே காலுக்கு இறங்கியது. எடை குறைந்தது, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கவில்லை. எடை தூக்கும் பக்கத்தில் இளவட்டங்கள் அக்காவுக்கு வழிவிட்டு நின்றார்கள். பயிற்சி முடியும் நேரத்தில் சில நாள் கை நடுங்கும், வேர்வை ஊற்றும், நெஞ்சு படபடக்கும். ஜிம்மில் யாருக்குத்தான் வேர்க்காது? கொழுப்பு கரைகிறது என்று அக்கா சந்தோஷப்பட்டார். அரை மணி நேரம் நாற்பது நிமிடமானது, பிறகு ஐம்பது.

ஒரு நாள் கால்களுக்கான பயிற்சி நீண்டுவிட்டது. வீட்டுக்கு வந்தபோது ஏழாக ஐந்து நிமிடம். சாப்பாட்டு டப்பாவை, பள்ளியில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று வண்டியில் போட்டுக்கொண்டார். பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒருத்தி, கனத்த கண்ணாடி போட்ட ஆறு வயதுக்காரி, எப்போதும் அவள்தான் முதலில் ஏறுவாள். ஏறி உட்கார்ந்தாள். பிள்ளைகளை ஏற்றி இறக்கும் ஆயாம்மாவும் ஏறிக் கதவைச் சாத்தினார். வண்டி கிளம்பவில்லை.

அக்கா சாவியைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு துளையைத் தேடிக்கொண்டிருந்தார்.

"என்னம்மா, என்ன ஆச்சு?"

"சாவி மாறிப்போச்சு. யாரு மாத்துனது?" குரல் கொழகொழவென்று வந்தது. எதற்கும் கோபப்படாத மனுஷி, கண்ணில் கோபத்தோடு ஆயாம்மாவை முறைத்தார். கழுத்தெல்லாம் வேர்வை.

ஆயாம்மாவின் தம்பிக்கும் இதே வியாதி. பேச்சுக் கொடுக்காமல் சாவியைப் பிடுங்கி இடுப்பில் செருகினார். "கண்ணு, உன் ஜூஸைக் குடு" என்று சிறுமியின் பையிலிருந்த பொட்டலத்தில் குழாயைக் குத்தி அக்காவின் வாயில் வைத்தார். "முழுங்கும்மா. பேசாத, முழுங்கு." ஆயாம்மா போட்ட சத்தத்தில் வீட்டுக்காரர் சர்க்கரை பார்க்கும் கருவியை எடுத்துக்கொண்டு ஓடிவந்தார். ஐம்பத்தெட்டு. கால் மணி நேரம் கழித்து எண்பத்தாறு. அதன் பிறகுதான் அக்காவுக்குத் தான் எங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்பதே உறைத்தது. பின்னால் ஒரு குழந்தை, கையில் ஸ்டியரிங்.

அன்று வேறு ஓட்டுநர் வந்தார். மருத்துவரின் கடிதம் இல்லாமல் அக்கா வண்டியைத் தொடக்கூடாது என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள். நியாயம்தான், அக்காவே அதைத்தான் சொல்லியிருப்பார். ஆனாலும் ஏழு மணிக்கு ஜன்னல் வழியே வேறொருவர் கியர் மாற்றும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நிற்பது கொடுமையாக இருந்தது.

"ஜிம்மை விட்டுத் தொலை" என்றார் வீட்டுக்காரர்.

"விட்டா சர்க்கரை ஏறும்ங்க."

"அப்ப மாத்திரையை விடு."

"நீங்க என்ன டாக்டரா?"

மருத்துவமனையில் சர்க்கரை நோயாளிகளுக்கு வழி சொல்லும் நர்ஸ் திட்டவில்லை. ஒரு தாளை நீட்டி, காலை நேரத்தை வேன் நிறுத்தம் மாதிரியே வரிசையாக எழுதச் சொன்னார். அக்கா எழுதினார். நர்ஸ் அதை விரலால் தொட்டுக்கொண்டே வந்தார்.

"முதல் நிறுத்தத்துல மாத்திரையை ஏத்தியாச்சு. அடுத்து ஏறவேண்டியது யாரு?"

"சாப்பாடு."

"ஏத்துனீங்களா?"

அக்கா, மாத்திரைக்குக் கீழே 'ஜிம்' என்று தான் எழுதியிருந்த வரியில் விரலை வைத்தார்.

"மாத்திரை ஒரு பக்கம் சர்க்கரையை இறக்குது, வேலை செய்யிற தசை இன்னொரு பக்கம் இழுக்குது. ஏத்திவிட வேண்டிய ஆளை வாசல்லயே விட்டுட்டு நீங்க போயிட்டீங்கக்கா."

பதினோரு வருடப் பெருமை அந்த இடத்தில் அடிபட்டது. அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது.

உடம்பு தேறிய பிறகும் அந்த மாத்திரை பழைய அளவிலேயே போய்க்கொண்டிருந்ததால் மருத்துவர் அதைப் பாதியாக்கினார். புது ஏற்பாட்டில் காலையில் மாத்திரை, சொன்ன நேரத்தில் சாப்பாடு, பிறகு வண்டி. ஜிம் ஒன்பதரைக்கு, பிள்ளைகளை இறக்கிவிட்டு வந்து. தொடங்கும் முன் கருவியில் பார்க்க வேண்டும். தொண்ணூறுக்குக் கீழே இருந்தால் எதையாவது சாப்பிட்டுவிட்டுத்தான். பயிற்சி முடிந்து பல மணி நேரம் கழித்தும் சர்க்கரை இறங்கலாம் என்பதால், மத்தியானம் வண்டி எடுக்கும் முன்பும் பார்க்க வேண்டும், அதற்கும் தொண்ணூறுதான் எல்லை. அக்கா எழுதி வைத்த மூன்று வாரச் சர்க்கரைக் குறிப்பைப் பார்த்துவிட்டு மருத்துவர் கடிதம் கொடுத்தார்.

திரும்பி வந்த முதல் நாள் பிள்ளைகள் கைதட்டினார்கள். மாற்று ஓட்டுநர் பிரேக் பிடித்தால் பல் ஆடுமாம். ஆயாம்மா சாவியை இடுப்பிலிருந்து எடுத்துக் கொடுத்தார்.

இரண்டு மாதம் சீராக ஓடியது. பிறகு ஒரு மத்தியானம் வண்டியின் டயர் பஞ்சர். காலையில் ஜிம்மில் எடை தூக்கிய அதே கையால் அக்கா தானே ஜாக்கி வைத்துச் சக்கரத்தை மாற்றினார். டயர் மாற்றுவதும் பயிற்சிதான் என்று தோன்றவில்லை. பள்ளி வாசலில் பிள்ளைகள் ஏறியாயிற்று. உடம்புக்கு ஒன்றுமே இல்லை, நன்றாகத்தான் இருந்தது. வழக்கப்படி விரலில் குத்திப் பார்த்தார்.

எழுபத்தாறு.

மணி மூன்று. வீடுகளில் அம்மாக்கள் வாசலுக்கு வரும் நேரம். வழியில் ரெண்டு வாய் மென்றுகொண்டே போய்விடலாம் என்று மனசு சொன்னது. அந்த மனசுதான் ஐந்தரை மணி ஏற்பாட்டையும் செய்தது என்பது அக்காவுக்கு நினைவு வந்தது. சாவியை எடுத்து ஆயாம்மாவிடம் நீட்டிவிட்டு, ஒரு பொட்டலம் ஜூஸைக் குடித்தார், நாலு பிஸ்கட்டையும் தின்றார். கால் மணி நேரத்தில் எண்பத்து நாலு. இன்னும் கொஞ்சம் தின்றுவிட்டு உட்கார்ந்தார். ஆயாம்மா ஒவ்வொரு வீட்டுக்கும் போன் போட்டு, வண்டி இன்று தாமதம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். பதினோரு வருடத்தில் முதல் தடவை.

பின்னால் முதல் வரிசையிலிருந்து கண்ணாடிக்காரி எட்டிப் பார்த்தாள். "அக்கா, ஒரு நிமிஷம்தானே நிப்பீங்க?"

"இன்னைக்கு அரை மணி நேரம் கண்ணு."

"சும்மாவா?"

"ஆமா, சும்மா" என்றார் அக்கா. மூன்றரைக்குக் கருவி நூற்று நான்கு காட்டியது. ஆயாம்மாவிடம் கையை நீட்டினார்.