உதட்டை மட்டும் அசைக்கவும்

மூன்று வாரத்துக்கு முன்னால், நான் எழுதிய ஒரு கடிதத்தை நானே கிழித்துப் போட்டேன். நாலாக அல்ல... பொடிப்பொடியாக.

உத்திரமேரூர் பக்கத்தில் எங்கள் சின்ன சர்ச்சில் கொயர் பாட்டுக் குழுவை நடத்துவது நான்தான் என்பது இந்தப் பக்கத்தை வாராவாரம் படிப்பவர்களுக்குத் தெரியும். புதிதாக யார் சேர்ந்தாலும் முதல் நாளே ஒரு பக்கக் கடிதத்தைக் கையில் கொடுத்துவிடுவேன். நாலு மணி பயிற்சி என்றால் நாலு மணிக்குப் பாட்டு ஆரம்பம், பத்து நிமிஷம் முன்னாலேயே வந்து உட்காருங்கள். செல்போனை அணைத்து வையுங்கள். எங்கே மூச்சு எடுப்பது என்று தாளில் குறித்துக்கொள்ளப் பென்சில் கொண்டு வாருங்கள். இப்படிப் போகும்.

அதில் ஒரு வரி: 'உச்சரிப்பு சுத்தமாக வராதவர்கள் முதல் இரண்டு மாதம் குரல் கொடுக்க வேண்டாம். உதட்டை மட்டும் அசைத்தால் போதும்.'

எழுதும்போது அது கண்டிப்பு என்று நினைத்தேன். திமிர் என்று யாராவது அப்போதே சொல்லியிருக்கக் கூடாதா?

அறுவடைக்கு நன்றி சொல்லும் அறுப்பின் பண்டிகைக்காக நாலு பேர் புதிதாகச் சேர்ந்தார்கள். அதில் ஒருத்தி எஸ்தர். என் வயதுதான். மாகறல் பக்கம் நடவு வேலைக்குப் போகிறவள். வாயைத் திறந்தாள் பாருங்கள் - கீழ்க்குரலில் அப்படி ஒரு கனம்! எங்கள் ஆல்ட்டோ வரிசையில் இத்தனை வருஷமாக நான் தேடிய குரல்.

பண்டிகைக்காக நாங்களே ஒரு பாட்டு கட்டியிருந்தோம். 'வயல் வழியே வந்தவரே, எங்கள் வாழ்வைத் தழைக்கச் செய்தவரே.' ஒரே வரியில் மூன்று ழ. எஸ்தருக்கு ழ வராது. எங்கள் பக்கத்தில் பாதிப் பேருக்கு வராது. அவள் பாடியது, "வயல் வயியே வந்தவரே, எங்கள் வாய்வை..."

பின்வரிசையில் டெனர், அதாவது ஆண்களின் மேல்குரல் பாடும் தேவராஜ் சத்தம் போட்டுச் சிரித்தார். இருபது வருஷ உறுப்பினர்.

"வாய்வா? ஓம வாட்டர் குடிம்மா, சரியாப் பூடும்!"

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. ஆனால் அதட்டவும் இல்லை. நேரமாகிறதே என்று அடுத்த வரிக்குப் போய்விட்டேன்.

அன்று சாயங்காலமே எஸ்தர் பாடிய அந்த வரி எங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் வந்து விழுந்தது. செல்போனை அணைக்காமல் பதிவு செய்தவர் தேவராஜ். கூடவே வரிசையாகச் சிரிக்கும் பொம்மைகள். மறுநாள் ஆராதனைக்கு எஸ்தர் வரவில்லை.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. சர்ச் வாசலிலேயே தேவராஜைப் பிடித்துக்கொண்டேன்.

"இன்னா பிரதர் இது? ஒரு பொம்பள பாடுனத வச்சி இப்பிடியா சிரிப்பீங்க?"

அவர் அலட்டிக்கொள்ளவே இல்லை. "எம்மேல ஏன் கோவப்படுறீங்க சிஸ்டர்? வராதவங்க வாயத் தொறக்கக் கூடாதுன்னு ஒங்க லெட்டர்லயே கீதே?"

 அந்த ஆள் சொன்னது உண்மை. அதனால்தான் ஆத்திரம் இரண்டு மடங்கானது.

வீட்டுக்கு வந்து அந்தப் பதிவை முழுசாகக் கேட்டேன். இயர்போன் போட்டு, திரும்பத் திரும்ப. எஸ்தருக்கு முன்னால் டெனர் வரிசை அதே வரியைப் பாடுகிறது. 'எங்கள் வாள்வைத் தளைக்க...' தேவராஜ் குரல்தான் தூக்கலாகக் கேட்கிறது. வாள் என்றால் கத்தி. தளை என்றால் விலங்கு. எங்கள் கத்திக்கு விலங்கு மாட்டச் சொல்லிக் கடவுளிடம் கணீரென்று பாடிக்கொண்டிருக்கிறார் மனிதர்! அதற்கு ஒருத்தரும் சிரிக்கவில்லை. ஏன்? பேன்ட் சட்டை போட்டவர் வாயில் வந்தால் பிழை. சேற்றில் நிற்கிறவள் வாயில் வந்தால் மட்டும் ஜோக்!

இத்தனை வருஷம் அந்த 'தளைக்க' என் காதில் விழாமலே போனதே... அந்தக் காதை என்ன செய்வது?

திங்கட்கிழமை மத்தியானம் எஸ்தர் வேலை செய்யும் வயலுக்கே போனேன். வரப்பில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை.

"இன்னாத்துக்கு வந்தீங்க சிஸ்டர்? வாய ஆட்டிக்கினு நில்லுன்னு சொல்லவா?"

"மன்னிப்பு கேக்க வந்தேன் எஸ்தரு. நான் எழுதுனது தப்பு."

"நாள் முச்சூடும் இங்க பாடிக்கினுதான் கீறேன். வாய மூடுன்னு ஒருத்தரும் சொன்னதில்ல. எனக்கு வராதுன்னா கத்துக்குடுங்க. பொம்மையாட்டம் நிக்க நான் வர மாட்டேன்."

"கத்துக்குடுக்கறேன். வா."

"வரேன். ஆனா அவரு குரூப்புல போட்டத அவரே எடுக்கணும். அல்லார் முன்னாடியும் தப்புன்னு சொல்லணும்."

நியாயம்தானே? இதில் ஒரு வார்த்தை கூட அதிகம் என்று எனக்குத் தோன்றவில்லை. அன்று சாயங்காலம்தான் பழைய கடிதத்தைக் கிழித்தேன். புதிதாக எழுதினேன். இந்த முறை புதியவர்களுக்கு மட்டுமல்ல, பழையவர்களுக்கும்.

'நீட்டிப் பாடும்போது உயிரெழுத்தில் நில்லுங்கள். "வாழ்வை" என்றால் "வா"வில் குரல் நிற்கட்டும். என் கை மூடும்போது எல்லோரும் ஒன்றாக ழ் போடுங்கள். ஆளுக்கொரு நேரத்தில் போட்டால் வார்த்தை சிதறிவிடும். ழ வராதது குற்றமில்லை. நாக்கின் நுனியைப் பின்னால் வளையுங்கள், மேலே ஒட்டவிடாதீர்கள். ஒட்டினால் ள. வளையாமல் கிடந்தால் ய. கண்ணாடி பார்த்துப் பழகுங்கள். நீண்ட வரியில் எல்லோரும் ஒரே இடத்தில் மூச்சு வாங்காதீர்கள். பக்கத்தில் நிற்பவர் பாடும்போது நீங்கள் வாங்குங்கள். அவர் குரல் உங்களுக்குக் கேட்கவில்லையா? நீங்கள் கத்துகிறீர்கள் என்று அர்த்தம். பிழையைத் திருத்துவது என் வேலை. பிழையைப் பார்த்துச் சிரிப்பவர் அன்றோடு வீட்டுக்குப் போகலாம்.'

சனிக்கிழமை எல்லோர் முன்னாலும் இதை வாசித்தேன். எஸ்தர் கதவோரம் நின்றிருந்தாள். பிறகு டெனர் வரிசை பாடியதை ஸ்பீக்கரில் போட்டேன். 'வாள்வைத் தளைக்க' ஹால் முழுக்க ஒலித்தது. ஒருத்தரும் நிமிரவில்லை.

"இத்தினி வருசம் நான் திருத்தல. அது என் தப்பு. எஸ்தருகிட்டயும் அல்லார் முன்னாடியும் மன்னிப்பு கேக்கறேன். இப்ப நீங்க சொல்லுங்க பிரதர்."

தேவராஜ் முகம் சிவந்துவிட்டது. "இருவது வருசம் பாடுனவன், நேத்து வந்தவகிட்ட மன்னிப்பு கேக்கணுமா? பேஜாரா பூட்ச்சி சிஸ்டர் ஒங்களோட!" தாளை நாற்காலியில் வீசிவிட்டுப் போய்விட்டார். அவரோடு இன்னொருத்தரும் போனார்.

தடுக்கவில்லை. அவர்கள் போனதும், அவர் வரிசையில் நிற்கும் மோசஸ் தானாக எழுந்தார். "நானும் சிரிச்சேன். தப்புதாம்மா," என்றார் எஸ்தரைப் பார்த்து. அவரைத் தொடர்ந்து மற்றவர்களும் சொன்னார்கள். அந்தப் பதிவை குரூப்பிலிருந்து நானே நீக்கினேன். எஸ்தர் கேட்டது முழுசாகக் கிடைக்கவில்லை.  ஆனாலும் உள்ளே வந்து தன் இடத்தில் நின்றாள்.

அதன்பின் தினமும் வேலை முடிந்து வந்து, ஒரு கைக்கண்ணாடியோடு கால் மணி நேரம் பழகினாள். முதலில் வெறும் 'அழ்... அழ்...' அப்புறம் வார்த்தை. அப்புறம்தான் ராகம். மற்றவர்களும் வெட்கப்பட்டுக்கொண்டே கண்ணாடி கேட்டார்கள்.

போன ஞாயிறு பண்டிகை. இரண்டு ஆள் குறைந்ததில் டெனர் மெலிந்துதான் போயிருந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் 'வாழ்வை' என்று நாங்கள் ஒன்றாக ழ் போட்டது ஒரே குரலாகக் கேட்டது. எஸ்தருக்குக் கடைசிச் சரணத்தில் ஒரு 'வயி' நழுவியது. நானும் அவளும் மட்டும் பார்த்துக்கொண்டோம். அவள் அடுத்த வரிக்குப் போய்விட்டாள்.

தேவராஜ் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கையைக் கட்டிக்கொண்டு. 

எஸ்தருக்கு நாக்கை வளைக்கச் சொல்லிக்கொடுக்க இரண்டு வாரம் பிடித்தது. தேவராஜுக்கு நாக்கை அடக்கச் சொல்லிக்கொடுக்க எனக்கு இருபது வருஷம் போதவில்லை!