பத்தில் ஒரு பங்கு உப்பு

திருப்பதியில் பல்கலைக்கழகம் தொடங்கிய புதிதில் நானும் அவரும் ஒரே வேதியியல் ஆய்வுக்கூடத்தில் இருந்தோம். அவருக்குக் கங்காதர நெல்லூர். எனக்குச் சத்தியவேடு பக்கம். எங்கள் ஊர் சென்னை மாகாணத்திலேயே இருக்குமா, ஆந்திராவுக்குப் போகுமா என்று பஸ்ஸில் ஏறினால் இறங்கும்வரை சண்டை நடக்கும். அவர் ஆய்வு முடிந்ததும் கல்யாணம் என்று எங்களுக்குள் பேசியிருந்தோம்.

அவர் எடுத்துக்கொண்டது சாப்பாட்டு உப்பும் பொட்டாசியம் குளோரைடும். இரண்டையும் உருக்கிக் கலந்தால் ஒரே படிகமாக உறையும். எந்த அயனி எந்த இடத்தில் உட்கார்ந்தாலும் சரி என்னும்போது, உட்காரும் விதங்கள் எண்ணில் அடங்காமல் பெருகும். அதுதான் கலப்பு என்ட்ரோபி. அது எப்போதும் கலப்பின் பக்கம்தான் பேசும். ஆனால் சிறிய சோடியமும் பெரிய பொட்டாசியமும் பக்கத்துப் பக்கத்தில் நெருக்கியடித்து உட்கார ஆற்றல் செலவாகிறது. அதுதான் கலப்பு வெப்பம். சூட்டில் என்ட்ரோபி ஜெயிக்கும், ஆறினால் இந்தக் கலப்பு வெப்பம் ஜெயிக்கும், உப்புகள் பிரியும்.

மாநிலப் பிரிவினையோடு இதை முடிச்சுப் போட்டுப் பேசுகிறவர்களைக் கண்டால் எனக்கு இன்றும் எரிச்சல்தான். உப்புக்கு மொழியும் கிடையாது, எல்லையும் கிடையாது.

கலந்த படிகத்தைத் தண்ணீரில் கரைத்து, கலக்காத உப்புகளைத் தனியாகக் கரைத்து, இரண்டுக்கும் உள்ள வெப்ப வித்தியாசத்திலிருந்து அவர் அந்த ஆற்றலை அளந்தார். அதை வைத்து ஒரு கணக்குப் போட்டார். பத்தில் ஒரு பங்கு மட்டும் சாப்பாட்டு உப்பு இருந்தாலும் இருநூறு டிகிரியில் அது பிரிந்தே தீரும் என்றது கணக்கு. எங்கள் பேராசிரியர் ஒப்புக்கொள்ளவில்லை. மிகக் கொஞ்சமாகக் கலந்தால் என்ட்ரோபிதான் எப்போதும் ஜெயிக்கும், பத்தில் ஒரு பங்கும் அப்படித்தான், உன் அளவைதான் தப்பு என்றார். கொஞ்சம் என்பது எதுவரை என்பதில்தான் வழக்கே.

சோதனை எளிது. உருக்கி உறையவைத்த துண்டைச் சட்டென்று குளிரவைத்தால், பிரிய நேரமில்லாமல் கண்ணாடி மாதிரி நிற்கும். அதை உலையில் இருநூறு டிகிரியில் வைக்க வேண்டும். பிரிந்தால் பால் மாதிரி வெளுக்கும். கணக்குப் போட்டவரே உலையில் வைத்தார். அந்த வாரமே மூச்சு வாங்கி விழுந்தார். சின்ன வயதிலேயே கெட்டுப்போன இருதயம். சித்தூர் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்.

நான் உலையைப் பார்ப்பேன், பஸ் பிடித்துச் சித்தூர் போவேன். வாசலில் என் தலை தெரிந்ததும் கேட்பார்.

"வெளுத்துச்சா?"

"இன்னும் இல்ல."

ஒருநாள் எனக்குப் பொறுக்கவில்லை. "கொஞ்சம் சூடு ஏத்தட்டுமா? சீக்கிரம் ஆயிடும்."

"ஏத்துனா அயனிங்க வேகமா நகரும், சரி. ஆனா பிரியறதுக்கான காரணமே கொறைஞ்சிக்கினு போவுமே. முந்நூறுக்கு மேல போனா பத்துல ஒரு பங்கு கரைஞ்சேதான் இருக்கும். வேணாம், வுடு."

அவர் சொன்னது சரி. அந்தக் கணக்கு என்ன நடக்கும் என்று சொல்லும், எப்போது என்று சொல்லாது. அதற்குள் காலத்தைக் குறிக்கும் எழுத்தே கிடையாது. பிரிவு முதலில் எங்கேயாவது ஒரு சின்னப் புள்ளியில் தொடங்கியாக வேண்டும், அதற்கு எத்தனை நாளானாலும் ஆகலாம். இது எங்கள் இருவருக்கும் தெரியும். தெரிந்து என்ன பயன்? கட்டிலில் இருந்தவருக்கு நாள் இல்லையே.

கடைசி வாரம் நான் திருப்பதிக்குத் திரும்பவில்லை. ஆஸ்பத்திரியிலேயே இருந்தேன். ஒரு சாயங்காலம் கண்ணைத் திறக்காமலே, "நான்தான் தப்பா அளந்துட்டேன் போலக்கீது" என்றார். இல்லை என்றேன். அதற்கு என்னிடம் அத்தாட்சி எதுவும் இல்லை. மறுநாள் விடியுமுன் போய்விட்டார். அழுகையைவிடக் கோபம்தான் முதலில் வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

காரியம் முடிந்து ஆய்வுக்கூடத்துக்குப் போனேன். உலையை யாரும் அணைக்கவும் இல்லை, திறக்கவும் இல்லை. திறந்தேன். துண்டு முழுக்க வெளுத்திருந்தது. தரையில் உட்கார்ந்து, வாய்விட்டு அவரைத் திட்டித் திட்டி அழுதேன்.

அந்தத் துண்டை ஒரு கண்ணாடிக் குழாயில் அடைத்து, கங்காதர நெல்லூருக்கு எடுத்துப்போய் அவருடைய நைனாவிடம் கொடுத்தேன். நிலத்திலிருந்து சேற்றுக் காலோடு வந்தவர், குழாயை வெயிலில் தூக்கிப் பார்த்தார்.

"கெட்டுப் பூட்சாம்மா?"

"இல்லீங்க. இப்படி வெளுக்கணும்னுதான் அவரு காத்துக்கினு இருந்தாரு. அவரு கணக்கு சரி."

அவர் குழாயை வேட்டியில் துடைத்துக் கையில் பொத்திக்கொண்டார். பிறகு கேட்டார்: "எப்ப வெளுத்துச்சி? அவன் உயிரோட இருக்கசொல்லவேவா?"

அந்த வாரம் உலையைப் பார்க்க யாரும் இல்லை. தெரியாது என்று நான் சொன்னேன்.