வாலில்லாத ஓகே

என் தம்பி உமேஷுக்கு மூன்று மொழி தெரியும். ஒன்றிலும் ஒரு பெண்ணிடம் ஒழுங்காகப் பேசத் தெரியாது. பல்லைக் கடித்துக்கொண்டுதான் இதைச் சொல்கிறேன்.

கேரளப் பக்கம் குளத்தூரில் எங்கள் வீட்டுக்குள் தமிழ், வாசலைத் தாண்டினால் மலையாளம். படித்ததும் மலையாளப் பள்ளிக்கூடத்தில்தான் என்பதால் தமிழ் எழுத்தை அவன் எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பான். பூவாரில் சுற்றுலாப் படகுக்கு டிக்கெட் கொடுக்கிற வேலை. அங்கே வடநாட்டுக்காரர்களிடமும் வெள்ளைக்காரர்களிடமும் நாள் முழுக்க இங்கிலீஷ். "வெல்கம் சார், ஒன் அவர் ரைடு, லைஃப் ஜாக்கெட் கம்பல்சரி" என்று அவன் பேசுவதைக் கேட்டால் யாரோ கனவான் என்று நினைப்பீர்கள். வீட்டுக்கு வந்து, "யக்கா, பசிக்குது ஆக்கும்" என்பான் பாருங்கள், அதுதான் என் தம்பி.

வயது முப்பத்திரண்டு. வந்த சம்பந்தங்கள் ஜாதகத்திலும் சம்பளத்திலும் தட்டிப் போய்க்கொண்டிருந்தன. கடைசியில் எங்கள் பொன்னம்பலம் மாமா மார்த்தாண்டத்திலிருந்து ஒரு சம்பந்தம் கொண்டுவந்தார். பெண் பெயர் ஆனந்தலட்சுமி. ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. பெண் பார்த்துவிட்டு வந்த அன்று குழம்பில் உப்பில்லை என்பதைக்கூட உமேஷ் கவனிக்கவில்லை. பெண் வீட்டில், "ரெண்டு பேரும் போன்ல கொஞ்ச நாள் பேசிப் பாக்கட்டும், பொண்ணு சரின்னா தாம்பூலம் மாத்திக்கிடலாம்" என்றார்கள். நல்லதுதான் என்று நானும் நிம்மதியாக இருந்துவிட்டேன்.

சனிக்கிழமை காலையில் மாமா கூப்பிட்டார்.

"ஸ்வப்னா, பொண்ணுக்கு மனசில்லாத மாதிரி இருக்காம். நாளைக்கி கூப்பிட்டு வேண்டாம்னு சொல்லிருவாவன்னு தோணுது. பய என்ன செஞ்சான்னு கொஞ்சம் கேளு."

கேட்காமல் இருக்க முடியுமா? பாலராமபுரத்தில் நான் வேலை பார்க்கிற கைத்தறிச் சேலைக் கடையில் அரைநாள் விடுப்பு சொல்லிவிட்டு பஸ் பிடித்து பூவாருக்குப் போனேன். டிக்கெட் கவுண்டருக்குள் நுழைந்து, முகத்தைக்கூடப் பார்க்காமல் கையை நீட்டினேன்.

"போன தா."

"எதுக்கு?"

"நாளைக்கி அவ வேண்டாம்னு சொல்லப் போறாளாம். எதுக்குன்னா கேக்க?"

அவன் முகம் வெளிறிவிட்டது. போனைத் தந்தான். எனக்கு இதில் கொஞ்சம் பழக்கம் உண்டு. கடைக்கு வருகிற வாட்ஸாப்புக்கெல்லாம் பதில் போடுவது நான்தான். "ரேட்?" என்று மொட்டையாகக் கேட்கிறவர் வாங்கமாட்டார். "அக்கா, ரேட் கொஞ்சம் சொல்லுங்களேன்" என்கிறவர் பாதி வாங்கியாயிற்று. ஆனால் இதெல்லாம் சேலை விஷயம். இது என் தம்பியின் வாழ்க்கை.

மேலிருந்து வாசித்தேன். இருவரும் தமிழை இங்கிலீஷ் எழுத்தில்தான் தட்டியிருந்தார்கள். முதல் வாரம் படிக்கவே இனித்தது. "சாப்டீங்களா? இன்னைக்கி செம டயர்ட் ப்பா, ஒரே கூட்டம் லேப்ல" என்று அவள். "நானும் இப்பந்தான் போட்டுல இருந்து எறங்கினேன் ஆக்கும்" என்று இவன். "அன்னைக்கி அந்த ப்ளூ ஷர்ட் சூப்பரா இருந்துச்சு. சொல்லக் கூடாதுன்னுதான் நெனச்சேன்" என்று அவள். "போங்க நீங்க, டூ மச் ப்பா" என்று மறுபடியும் அவளே.

அந்தப் பெண் என்ன அழகாக எழுதியிருந்தாள் தெரியுமா? பேச்செல்லாம் தமிழ், வெட்கப்படுகிற இடத்தில் மட்டும் இங்கிலீஷ். சூப்பர் என்பதை இங்கிலீஷில் சொன்னால், இவன் கண்டுகொள்ளாமல் போனாலும் சும்மா சொன்னேன் என்று தப்பித்துக்கொள்ளலாம். எந்த இங்கிலீஷ் வார்த்தை வந்தாலும் பின்னால் ஒரு தமிழ் வால் இருந்தது. ஓகே ப்பா, சாரி ப்பா, பை லா. வார்த்தையைப் பொறுக்கி எடுக்காமல், வந்ததை வந்தபடி தட்டியிருக்கிறாள். எதிரில் இருப்பவனை நம்பினால்தான் அப்படி வரும்.

அப்புறம் ஒரு நாள் அவள் எழுதியிருக்கிறாள்: "எல்லாத்துக்கும் ஒரு ஆக்கும் போடுறீங்களே. இனி உங்க பேரு ஆக்கும் மாஸ்டர்." கூடவே சிரிக்கிற பொம்மை, வரிசையாக.

அதற்கு இவன் போட்ட பதில்: "ஐ அப்பாலஜைஸ் ஃபார் மை லாங்க்வேஜ்."

போனை அவன் முகத்துக்கு நேரே நீட்டினேன். "எலே, என்னலே இது?"

"அவ என்னெ கேலி பண்ணி களியாக்கினாள்லா" என்றான். "நம்ம தமிழு பாதி மலையாளம், பாதி என்னவோ. அவ மார்த்தாண்டத்துல படிச்சவ. அதான் மானம் போகாண்டாமேன்னு இங்கிலீஷுக்கு மாறினேன்."

"மார்த்தாண்டத்துல ஆக்கும்னு யாரும் பறயமாட்டாவளா? அவளுக்க வீட்டுலயும் அதே தமிழுதாம்லே. பேரு வச்சுக் கூப்பிடுகதுன்னா பிரியம்லே. பிரியம் இல்லாத பேரு வப்பாளா ஒருத்தி?"

வெளியே ஒரு குடும்பம் டிக்கெட்டுக்கு வந்தது. "குட் ஆஃப்டர்நூன் மேடம்" என்று உமேஷ் கனவானாகிவிட்டான். நான் மேற்கொண்டு வாசித்தேன். வாசிக்க வாசிக்க எரிச்சல்தான் கூடியது. "ஐ ஹோப் யூ ஹேட் அ பிளெசன்ட் டே." "ஐ வேல்யூ அவர் கான்வர்சேஷன்ஸ்." முற்றுப்புள்ளி முதற்கொண்டு எல்லாம் ஒழுங்கு. நீங்க என்று தள்ளி நிற்க வேண்டாம், நீ என்று கிட்டே போகவும் வேண்டாம், எல்லாவற்றுக்கும் ஒரே யூ. ஒளிந்துகொள்ள அதைவிட வசதியான இடம் கிடையாது.

அவள் இரண்டு நாள் தமிழிலேயே முட்டிப் பார்த்திருக்கிறாள். "என்னாச்சு ப்பா? கோவமா?" என்று கேட்டதற்கு இவன், "நாட் அட் ஆல்." அதற்குப் பிறகு அவள் பேச்சில் வால்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. முதலில் ப்பா போயிற்று. பிறகு லா போயிற்று. பொம்மைகள் போயின. கடைசி வாரம் முழுக்க அவளும் நல்ல இங்கிலீஷ். "தட் இஸ் கைண்ட் ஆஃப் யூ." "ஓகே. டேக் கேர்."

"இந்த இங்கிலீஷு ஒனக்க இங்கிலீஷா?" என்று கேட்டேன். படகு இங்கிலீஷ் எனக்குத் தெரியும். அதில் வேல்யூவும் கான்வர்சேஷனும் வராது.

"ஜிஜின் எழுதித் தந்தான்."

ஜிஜின் அவனோடு படித்தவன். திருவனந்தபுரத்தில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. நாள் முழுக்க வெளிநாட்டு மேலாளருக்கு மெயில் எழுதுகிறவன். அவனிடம் போய் காதல் கேட்டிருக்கிறான் என் தம்பி.

"கொள்ளாம், நல்ல காரியம்" என்றேன். "ஆனா அவ பதிலு நல்லா இல்லியா?" என்று அவன் ஆவலோடு கேட்டான். "எனக்கு ஏத்த மாதிரி அவளும் இங்கிலீஷுக்கு மாறிட்டா. மதிப்பு வந்திருக்குன்னுதான் நெனச்சேன்."

"மதிப்பா? வாலில்லாத ஓகே வந்தா கதவ சாத்திட்டாள்னு அர்த்தம். அவ கோவத்துல இருக்கா. இப்பமே ஒழுங்கா ஒரு வார்த்த போடு. தமிழ்ல."

போட்டான். எட்டிப் பார்த்தேன். "அன்புள்ள ஆனந்தலட்சுமி அவர்களுக்கு, தங்கள் நலமறிய ஆவல்." அனுப்புவதற்குள் போனைப் பிடுங்கினேன்.

"கல்யாண மண்டபம் புக் பண்ணவா போறே? இதும் அதே இங்கிலீஷுதாம்லே, சட்ட மட்டும் வேற."

"அப்பம் நீயே எழுது. நீதான கடையில எல்லாருக்கும் எழுதுக."

"ஜிஜின் போயி நான் வரணுமா? நான் எழுதினா அவ எனக்க கூடல்லா குடும்பம் நடத்தணும்?"

அவன் கவுண்டர் பலகையில் கையூன்றிக் குனிந்துகொண்டான். ஆறு கடலில் சேருகிற அழிமுகத்திலிருந்து ஒரு படகு திரும்பி வந்து கட்டையில் மெல்ல இடித்தது. இத்தனை வயதில் அவன் அப்படி நின்று நான் பார்த்ததில்லை. கோபம் கொஞ்சம் இறங்கிவிட்டது.

"மக்கா, அவ பேச்சு நின்ன பெறகு ஒனக்கு எப்பிடி இருக்கு?"

"என்னத்தச் சொல்ல யக்கா. போன் மிண்டாம, சத்தமில்லாம கெடந்தா, மனசு அவளத் தேடுது."

"அதப் போடு."

"அய்யே. அது வீட்டுல பேசுகதுல்லா? ஐ மிஸ் யூன்னு போட்டா பத்தாதா?"

"ஐ மிஸ் யூன்னு நீ ஜிஜினுக்கும் போடுவ, இங்க இருந்த பழைய மேனேஜருக்கும் போடுவ. தேடுதுன்னு யாருக்குப் போடுவ?"

அவன் காது சிவந்தது. பெருவிரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினான். அழித்தான். மறுபடி தட்டினான். என்னிடம் காட்டவில்லை. கண்ணை மூடிக்கொண்டு அனுப்பிவிட்டு போனைப் பலகைமேல் வைத்தான். நான் எட்டிப் படித்தேன்: "உன்ன தேடுது ஆக்கும். ரொம்ப. சாரி ப்பா."

அவள் பார்த்துவிட்டாள் என்று உடனே காட்டியது. தட்டுகிறாள் என்று காட்டியது. நின்றது. மறுபடி காட்டியது. நின்றது. வந்தது.

"ஹூ இஸ் திஸ்?"

"போச்சு" என்றான் உமேஷ். வாலில்லை, ஒன்றுமில்லை. தேடுது என்று எழுதச் சொல்லிக் கெடுத்துவிட்டேனோ என்று நான் நினைப்பதற்குள் அடுத்தது வந்தது.

"ஆக்கும் மாஸ்டரா? எங்க போயிருந்தீங்க இத்தன நாளா?"

அதன்பின் மடமடவென்று வந்தது. "எனக்கும் தேடுச்சு ப்பா. நீங்க திடீர்னு இங்கிலீஷ்ல ஆரம்பிச்சதும், நான் பேசுறது உங்களுக்கு லோக்கலா தெரியுதுபோலன்னு நெனச்சேன். லேப்ல பிஜி அக்கான்னு ஒருத்தங்க இருக்காங்க. நான் போட்ட இங்கிலீஷெல்லாம் அவங்கதான் எழுதித் தந்தாங்க. வாழ்க்க முழுக்க இப்படி எழுதி வாங்கிப் பேச என்னால முடியாதுன்னுதான் அம்மாகிட்ட வேண்டாம்னு சொன்னேன். நாளைக்கி உங்க மாமாவ கூப்பிடச் சொல்லி அம்மாகிட்ட சொல்லட்டா? சரின்னு சொல்ல."

நான் அதை இரண்டு தடவை படித்தேன். கோபம் என்று அடித்துச் சொன்னேனே, கோபமே இல்லை. இவனுக்கு இருந்த அதே பயம். வால் உதிர்ந்ததைச் சரியாகக் கண்டேன், எதனால் உதிர்ந்தது என்பதைக் கோட்டைவிட்டேன்.

"யாரு யக்கா இந்த பிஜி?" என்றான் உமேஷ், இன்னும் புரியாமல்.

"அவளுக்க ஜிஜின்" என்றேன். "ஒரு வாரமா ஜிஜினும் அந்த பிஜியுமாக்கும் காதலிச்சிட்டு இருந்தது. நீங்க ரெண்டு பேரும் வெளிய நின்னு பாத்திருக்கீங்க."

அவன் காதில் எதுவும் விழவில்லை. பதில் தட்டிக்கொண்டிருந்தான். என்ன போடட்டும் என்று என்னைக் கேட்கவில்லை. கவுண்டர் முன்னால் ஒரு டெல்லிக் குடும்பம் வந்து நின்று, "எக்ஸ்க்யூஸ் மீ, டிக்கெட்?" என்றது. உமேஷ் தலையைத் தூக்காமல் சொன்னான்:

"ஒரு நிமிஷம் நில்லுங்க, முக்கியமான காரியம் ஆக்கும்."