சிரித்த முகத்தோடு ஒரு வணக்கம்

பொள்ளாச்சியில் சுகந்தியின் போனுக்குத் தெரியாத நம்பரிலிருந்து யார் கூப்பிட்டாலும் முதலில் எடுப்பது அவள் கணவன் மோகன்தான். கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான். கோவையில் ஓர் ஆஸ்பத்திரி வரவேற்பு வேலைக்கு இன்று போனில் நேர்காணல், நீங்கள் எடுக்கவே கூடாது என்று காலையிலேயே சொல்லியிருந்தாள். மணி அடித்ததும் பழக்கதோஷத்தில் எடுத்துவிட்டான்.

"யாருங்க நீங்க? அவகிட்ட என்ன பேசோணும்?"

சுகந்திக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. முகம் பார்க்காமல் நேர்காணல் எடுக்கும் அந்த ஆஸ்பத்திரிப் பெண் அதிகாரிக்குக் குரல்தான் எல்லாம். அவர் முதலில் கேட்டதோ இந்த அதட்டல்! போனைப் பிடுங்கினாள். முறைத்துக்கொண்டே பேசினால் குரலிலும் முறைப்பு வந்துவிடும். ஜன்னல் பக்கம் திரும்பி, வலுக்கட்டாயமாகச் சிரித்தாள்.

"வணக்கம் மேடம், நான் சுகந்தி பேசறனுங்க. கூப்பிட்டதுக்கு நன்றிங்க. இப்பத் தாராளமாப் பேசலாமுங்க."

"முதல்ல எடுத்தது யாரு?"

"என் வீட்டுக்காரருங்க. இனிமே எடுக்க மாட்டாருங்க."

"டூட்டி விஷயமா அவசரமாக் கூப்பிட்டாலும்?"

"எப்பக் கூப்பிட்டாலும் நாந்தானுங்க பேசுவேன்."

அந்தப் பக்கம் லேசாகச் சிரிப்புக் கேட்டது. அப்புறம்தான் கேள்விகள் தொடங்கின. கடைசியில், வியாழக்கிழமை நேரில் வரச் சொன்னார்.

"அதான் ஒண்ணும் ஆகலையே அம்மணி, எதுக்கு மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கறே?" என்றான் மோகன்.

"ஆகாமப் பாத்துக்கிட்டது நானுங்க! நீங்க கெடுக்கத்தான் பாத்தீங்க!"

கத்திவிட்டுப் போனை இடுப்பில் செருகிக்கொண்டாள். வியாழக்கிழமை வரை அது அங்கேயேதான் இருந்தது.