தலைக்கு எவ்வளவு

யாருமே கேட்காத பன்னிரண்டு கேள்விகளுக்கு நான் ஒருமுறை விடை எழுதினேன். அதற்காக ஆபீசில் ஒரு வாரம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன்.

யுத்தம் முடிந்திருந்த சமயம். கோட்டைப் பகுதியில் ஒரு தோல் கம்பெனியின் தலைமை ஆபீசில் நான் கணக்கு குமாஸ்தா. கம்பெனியின் தோல் பதனிடும் யார்டு தாராவியில் இருந்தது. அதுவரை யார்டில் எது வேண்டுமென்றாலும் அங்கே ஆட்களை வேலை வாங்கும் மிஸ்திரி வந்து பழைய மேனேஜர் முன்னால் நிற்பார், மேனேஜர் ஒரு சீட்டில் கையெழுத்துப் போடுவார், சாமான் வந்துவிடும். புதிதாக வந்த கணக்கு மேனேஜர், ஒரு பார்ஸிக்காரர், இதற்கு முடிவு கட்டினார். இனி ஒவ்வொரு பிரிவும் ஜனவரியிலேயே அடுத்த வருஷத்துச் செலவை எழுதித் தர வேண்டும். ஏப்ரலிலிருந்து, அவர் அனுமதித்து மஞ்சூரான தொகைக்குள்தான் செலவு. இதற்குப் பெயர் பட்ஜெட்.

"எல்லாரும் ஒரே கேள்வியையே திரும்பத் திரும்பக் கேட்பார்கள். நீ முன்கூட்டியே கேள்வியும் பதிலுமாக எழுதிவிடு. ஆபீசுக்கு இங்கிலீஷில், யார்டுக்கு உங்கள் பாஷையில்" என்றார் என்னிடம். உண்மையில் ஒருவரும் எதுவும் கேட்கவில்லை. கேட்கும் அளவுக்கு யாருக்கும் அது புரிந்திருக்கவில்லை. ஆகவே கேள்விகளையும் நானே உற்பத்தி செய்தேன்.

இங்கிலீஷ் குறிப்பு ஒரே நாளில் முடிந்தது. தமிழில்தான் 'ஹெட்' என்ற சொல் வழிமறித்தது. சம்பளம் ஒரு ஹெட், சுண்ணாம்பு ஒரு ஹெட், ரிப்பேர் ஒரு ஹெட் என்று செலவுகளை வகை பிரிக்கும் பட்ஜெட்டில் அதைச் சொல்லாமல் ஒரு வரிகூட நகராது. 'தலைப்பு' என்று எழுதிவைத்து, மாதுங்கா வீட்டில் மனைவிக்கு உரக்கப் படித்துக் காட்டினேன்.

"தலைப்பா? புடவைத் தலைப்பிலே எதுக்குச் சுண்ணாம்பைப் போடறேள்?" என்றாள்.

எனக்கும் அது சிரிப்பாகத்தான் பட்டது. பதினைந்து வருஷ சர்வீஸ் உள்ளவன் எழுதும் சர்க்குலரில் புடவை வரலாமா? 'ப்பு'வை அடித்தேன். 'தலை' என்று நின்றது. கச்சிதமாக இருக்கிறதே என்று என் முதுகில் நானே தட்டிக்கொண்டேன். இரண்டு எழுத்தை வெட்டி எத்தனை பேரைச் சாப்பிடவிடாமல் செய்தேன் என்பது பிறகுதான் தெரிந்தது.

ஸ்டென்ஸிலில் அடித்து உருட்டி, செலவை எழுதித் தர வேண்டிய எஸ்டிமேட் பாரத்தோடு யார்டுக்கு அனுப்பியது இது:

கேள்வி 4: ஒரு தலைக்கு எவ்வளவு செலவு செய்யலாம்? விடை: ஒதுக்கியதற்கு மேல் ஒரு தம்பிடியும் கூடாது.

கேள்வி 7: ஒரு தலையில் மிச்சம் இருந்தால்? விடை: மார்ச் முப்பத்தொன்றோடு காலாவதியாகிவிடும்.

கேள்வி 9: ஒரு தலையிலிருந்து எடுத்து இன்னொரு தலைக்கு வைக்கலாமா? விடை: மேனேஜர் கையெழுத்து இருந்தால் வைக்கலாம்.

பத்து நாளில் பாரம் திரும்பி வந்தது. 'தலை' என்ற கட்டத்தின் கீழே சம்பளமும் இல்லை, சுண்ணாம்பும் இல்லை. இருபத்திரண்டு ஆட்களின் பெயர்கள் வரிசையாக இருந்தன. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே "காலுக்கு ரப்பர் பூட்ஸ் ஒரு சோடி". ஆபீசே விழுந்து விழுந்து சிரித்தது. நானும்தான். மேனேஜர் மட்டும் சிரிக்கவில்லை. "நாளை மறுநாள் கடைசி நாள். நீயே போய்ச் சரிசெய்து வா" என்றார்.

யார்டு மிஸ்திரி திருநெல்வேலிக்காரர், என்னைவிட மூத்தவர். சுண்ணாம்புக் குழியின் ஓரத்தில், ஊறிய தோலைக் கொக்கியால் இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"சாமி, நீங்க எழுதுன தாளை நாந்தான் எல்லாருக்கும் வாசிச்சுக் காட்டுனேன். அன்னையிலருந்து ஒருத்தனும் ஒழுங்காச் சாப்பிடல. தலைக்கு இவ்வளவுதான்னு சொல்லுதீய. மார்ச்சோட தலை காலாவதின்னும் போட்டுருக்கு. எங்கள்ல யாருக்கு வேலை போவுதுன்னு மொதல்ல சொல்லிருங்க."

"ஐயோ, யாருக்கும் போகலை. அது ஆள் தலை இல்லை, செலவுத் தலை" என்று அரை மணி நேரம் விளக்கினேன். கடைசியில் அவர், "அப்பொ தலைப்புன்னு எழுதிருக்கலாம்லா?" என்றார். புடவைக் கதையை அவரிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

"பூட்ஸ் எதுக்கு எழுதினேள்?" என்று கேட்டேன்.

அவர் காலைத் தூக்கிக் காட்டினார். விரலிடுக்கெல்லாம் சுண்ணாம்பு அரித்து வெள்ளையாய் வெடித்திருந்தது. யுத்தத்தில் ரப்பர் கிடைக்காமல் போனதிலிருந்து பழைய பூட்ஸ்களை ஒட்டுப் போட்டே ஓட்டியிருக்கிறார்கள். இப்போது ஒட்டுவதற்கும் ஒன்றும் மிஞ்சவில்லை. இந்தப் பாரத்தில் ஏறாவிட்டால் இன்னும் ஒரு வருஷம் கிடையாது. என் பன்னிரண்டு கேள்விகளில் இது இல்லை. எனக்கு வெட்கமாக இருந்தது.

அங்கேயே உட்கார்ந்து அவர் சொல்லச் சொல்ல முறையாக எழுதினேன். சம்பளம், சுண்ணாம்பு, தோல் பதனிடும் பட்டை, ரிப்பேர். 'காப்பு உடை' என்று ஒரு புதுத் தலைப்பு. அதில் பூட்ஸ், பெயர்களை எண்ணி, இருபத்திரண்டு சோடி. மேனேஜர் முனகிக்கொண்டே மஞ்சூர் செய்தார். நான் மறுபடியும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன்.

ஏப்ரலில் பூட்ஸ் வந்தது. என் சாதனையைக் கண்ணாரப் பார்க்கலாம் என்று போனேன். இருபத்திரண்டு பேரும் முழங்கால் வரை கறுப்பு ரப்பரில் நின்றார்கள். மிஸ்திரி மட்டும் வெறுங்காலோடு தோலை இழுத்துக்கொண்டிருந்தார்.

"உங்களோடது எங்கே?"

"எம்பேரை நான் எழுதலயே சாமி. எழுதுறவன் தன்னையே எழுதிக்கிட்டா நல்லாவா இருக்கும்? பொறவு நீங்க கேப்பியன்னு நெனச்சேன்."

நான் கேட்கவில்லை. பெயர்களை எண்ணினேனே தவிர, எழுதிக் கொடுத்தவரை எண்ணவில்லை.

"இன்னொரு சோடிக்கு எழுதிப் பாக்கட்டுமா?" என்றேன்.

"நாலாங் கேள்வியில நீங்களே சொல்லிட்டியளே, ஒதுக்குனதுக்கு மேல ஒரு தம்பிடியும் கூடாதுன்னு." குரலில் குத்தலே இல்லை. அதுதான் என்னைக் குத்தியது.

கோட்டைக்குத் திரும்பும் ரயிலில் வடாலா தாண்டும் வரை அந்தக் கால்தான் கண்ணில் நின்றது. பிறகு, ஒரு தலையிலிருந்து எடுத்து இன்னொரு தலைக்கு வைக்கலாமா என்ற என்னுடைய ஒன்பதாம் கேள்வி நினைவுக்கு வந்தது. எங்கள் ஆபீசின் அச்சுச் செலவுத் தலைப்பில் ஒரு தொகை இருந்தது. கேள்வி பதில் குறிப்பின் இரண்டாம் பதிப்பை அச்சகத்தில் கொடுத்து, தைத்த புத்தகமாக, கடைசிப் பக்கத்தில் என் இனிஷியலோடு கொண்டுவர ஆசைப்பட்டு நானே கெஞ்சிக் கூத்தாடி வாங்கி வைத்தது. அதிலிருந்து காப்பு உடைக்கு மாற்றக் கோரி மனு எழுதி நீட்டினேன்.

மேனேஜர் படித்துவிட்டு மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "அப்படியானால் இந்த வருஷம் உன் புத்தகம் வராது, தெரியுமா?" என்றார். தெரியும் என்றேன். மனசு என்னவோ அடித்துக்கொள்ளத்தான் செய்தது. கையெழுத்துப் போட்டார்.

அடுத்த வாரம் பூட்ஸை நானே எடுத்துக்கொண்டு போனேன். மிஸ்திரி ஒரு காலை விட்டு, மறு காலையும் விட்டு, நாலடி நடந்து பார்த்தார்.

"இது எந்தத் தலையிலருந்து சாமி வந்துது?"

"என் தலையிலேருந்துதான்."

அவர் என் வழுக்கையை ஒருமுறை நிதானமாகப் பார்த்தார். பிறகு, "நல்லதாப் போச்சு. மிச்சம் வச்சிருந்தியன்னா மார்ச்சோட காலாவதி ஆயிருக்கும்லா" என்று சொல்லிவிட்டுக் குழிக்குள் இறங்கினார்.